திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட்டில் 'விரைவு', 'முன்னுரிமை': எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

"அண்ணே, அப்பச்சியும் ஆத்தாவும் முதல் தடவையாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறார்கள், அக்கா வீட்டுக்கு. டிக்கெட் போடும்போது விரைவு செக்யூரிட்டி, முன்னுரிமை போர்டிங் என்று ஆளுக்குச் சில நூறு ரூபாய் கூடக் கேட்கிறது. ஆத்தாவுக்கு மூட்டுவலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. போட்டுவிடலாமா, இல்லை வீண் செலவா?"

தம்பி, காரைக்குடியில் உட்கார்ந்து பதினெட்டு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். சிங்கப்பூர், மலேசியா போகிற ஆட்கள்தான் முக்கால்வாசி. இந்தக் கேள்வி இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். உங்கள் பயணத்துக்கு அந்த இரண்டும் வேண்டாம். ஆனால் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை வேறு ஊருக்கு வேறு டிக்கெட் போடும்போது மறுபடி குழம்புவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் வரிசை ஒன்று இல்லை, ஐந்து இருக்கிறது. திருச்சியில் வெளிநாட்டுக்குப் போகிறவர் முதலில் வாசலில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி உள்ளே போக வேண்டும். அப்புறம் விமானக் கம்பெனியின் கவுன்ட்டரில் பெட்டியைப் போட வேண்டும். அதன்பிறகு இமிக்ரேஷன். அதையும் தாண்டித்தான் செக்யூரிட்டி. கடைசியில் கேட்டில் ஏறுவதற்கு நிற்பது. நீங்கள் கட்டுகிற கூடுதல் காசு இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில், அதிகம் போனால் இரண்டில், உங்களை முன்னால் கொண்டுபோய் விடுகிறது. மற்ற மூன்றில் எல்லாரோடும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். ஆகவே எந்த வரிசை நீளமோ அதற்குக் காசு கொடுத்தால்தான் பிரயோஜனம். திருச்சியில் நீளமான வரிசைகள் இரண்டு: பெட்டி போடுகிற கவுன்ட்டர், இமிக்ரேஷன். நீங்கள் கேட்ட இரண்டும் அந்த இரண்டையும் தொடவே இல்லை.

முதலில் செக்யூரிட்டியைப் பார்ப்போம். சோதனை செய்வது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. விமானக் கம்பெனிக்கு எவ்வளவு கொடுத்தாலும் அவர்கள் சோதனையைக் குறைக்க மாட்டார்கள். 'விரைவு' என்பது எக்ஸ்ரே பெல்ட் வரைக்கும் போகிற கயிறு கட்டிய பாதை மட்டும்தான். பெல்ட்டுக்கு வந்தபிறகு தட்டும் அதே தட்டு, தடவிப் பார்ப்பதும் அதே தடவல். பெண்களைப் பெண் காவலர் திரை போட்ட அறைக்குள் வைத்துச் சோதிப்பார். ஆத்தா தாலிச் சங்கிலியும் வளையலும் போட்டிருப்பார், கருவி கூவத்தான் செய்யும், பதற வேண்டியதில்லை. அந்தத் திரை அறைக்கு முன்னால் சேர்கிற வரிசையில் விரைவுப் பாதையில் வந்தவரும் சாதாரணப் பாதையில் வந்தவரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். வீட்டுப் பெண்கள் நாலு பேரோடு போகிறவர்கள் பணம் கட்டிவிட்டு ஏமாறுவது இங்கேதான். ஆண் சீக்கிரம் வெளியே வந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்பார், பெண்கள் இன்னும் உள்ளேயே இருப்பார்கள்.

அது போக, திருச்சியில் செக்யூரிட்டி வரிசை நீளமாவதற்கே பெரிய வாய்ப்பு இல்லை. இமிக்ரேஷன் அதற்கு முன்னால் இருக்கிறது அல்லவா? அங்கே ஆள் ஒவ்வொருவராகத்தான் முத்திரை வாங்கி வெளியே வருகிறார். கண்மாய் மடையில் பலகை போட்டு விடுகிற தண்ணீர் மாதிரி. மடைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தேங்கினாலும் அந்தப் பக்கம் வாய்க்கால் நிரம்பாது. 2024 ஜூனில் புது முனையம் புழக்கத்துக்கு வந்தபிறகு இடமும் தாராளம். பழைய கட்டடத்தில் நாங்கள் பட்ட நெருக்கடி இப்போது இல்லை.

செக்யூரிட்டியில் நேரம் உண்மையிலேயே எதில் போகிறது தெரியுமா? பை திரும்பி வருவதில். நம் ஊர் ஆட்கள் சிங்கப்பூர் போகிறார்கள் என்றால் கையில் பலகாரம் இல்லாமலா? போன தைக்குப் பிறகு ஒரு ஆச்சிக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். மகன் ஏதோ ஒரு தளத்தில் விரைவுப் பாதைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தார். ஆச்சி கைப்பையில் மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை எல்லாம் டப்பா டப்பாவாக வைத்தது சரிதான், அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அடியில் துணியைச் சுற்றி மாவடு ஊறுகாய் ஒரு பாட்டில், உருக்கின நெய் அரைக் கிலோ. எக்ஸ்ரேயில் பார்த்ததும் பையைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கின பைகளைப் பிரித்துப் பார்க்கிற மேசை ஒன்றுதான், அவருக்கு முன்னால் ஆறு பை. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் திரவமோ களிம்போ ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. நெய்யும் எண்ணெய் மிதக்கிற ஊறுகாயும் அந்தக் கணக்கில்தான் வரும். பாட்டிலைப் பறிகொடுத்து, பையை மறுபடி அடுக்கி, ஆச்சி வெளியே வர இருபது நிமிடத்துக்கு மேல். சாதாரண வரிசையில் வந்தவர்கள் அதற்குள் காபி குடித்து முடித்திருந்தார்கள். ஊறுகாயும் நெய்யும் நன்றாகச் சீல் வைத்துக் கவுன்ட்டரில் போடுகிற பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் நேர் எதிர், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் வைத்தால் உங்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்க வேண்டாம். எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கும் என்று அதை ஆபத்துப் பொருளாகவே வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது முன்னுரிமை போர்டிங். ஆட்கள் இதற்குத்தான் ஆசைப்பட்டுக் காசு கொடுக்கிறார்கள், கையில் கிடைப்பது என்னவோ சொற்பம். முதலில் ஏறினால் விமானம் முதலில் கிளம்பாது. சீட் நம்பர் ஏற்கெனவே எழுதியாயிற்று, அதை வேறொருவர் பிடித்துக்கொள்ள இது டவுன் பஸ் இல்லை. பத்து நிமிடம் முன்னால் ஏறினால் அந்த நெருக்கமான இருக்கையில் பத்து நிமிடம் கூட உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் கிடைக்கிற உருப்படியான பொருள் ஒன்றே ஒன்று: தலைக்கு மேலே இருக்கிற பெட்டி வைக்கிற இடம். திருச்சி–சிங்கப்பூர் வழியில் பெரும்பாலும் ஓடுவது வரிசைக்கு ஆறு இருக்கை உள்ள சிறு விமானம். 180 பேருக்கு மேல் உட்காருவார்கள், ஆளுக்கு ஒரு சக்கரப் பெட்டி கொண்டுவந்தால் மேலே இடம் போதாது. கடைசியில் ஏறுகிறவர் பெட்டியை வாங்கிப் பத்து வரிசை பின்னால் வைத்துவிடுவார்கள், அல்லது சீட்டு ஒட்டிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதற்குப் பணம் கட்டாத வழி ஒன்று உண்டு. மேலே வைத்தே ஆக வேண்டிய பெட்டியைக் கொண்டு போகாமல் இருப்பதுதான். மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட், போன், ஒரு சால்வை, இவ்வளவையும் கல்யாண வீட்டில் கொடுக்கிற துணிப்பை ஒன்றில் போட்டால் முன் இருக்கைக்கு அடியில் போய்விடும். மேலே இடம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு விலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று முதல் வரிசையோ அவசரக் கதவு வரிசையோ வாங்குகிறவர்களுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க அனுமதி இல்லை, எல்லாம் மேலே போக வேண்டும். அந்த வரிசைக்காரர் கடைசியில் ஏறினால் தன் தலைக்கு மேலே அடுத்தவர் பெட்டி உட்கார்ந்திருக்கும். அவருக்கு முன்னுரிமை ஓரளவு நியாயம். சில கம்பெனிகள் அந்த இருக்கையோடு சேர்த்தே முன்னுரிமையைக் கொடுத்துவிடுகின்றன, அது தெரியாமல் தனியாக இன்னொரு முறை கட்டுகிறவர்களும் உண்டு. மூட்டுவலிக்காரரை அவசரக் கதவு வரிசையில் உட்கார விடமாட்டார்கள், அதனால் ஆத்தாவுக்கு அந்த யோசனையே வேண்டாம்.

விமானம் கட்டடத்தோடு இணைக்கிற பாலத்தில் நிற்காமல் தள்ளி நின்று, பஸ்ஸில் கொண்டுபோய் விடுகிற நாளில் முன்னுரிமை என்ன ஆகும் என்பதை என் சொந்தக் கதையிலேயே சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் வேறொரு ஊரிலிருந்து சென்னைக்கு வரும்போது சபலத்தில் முன்னுரிமை போர்டிங் கட்டத்தை டிக் செய்துவிட்டேன். கேட்டில் என்னை முதலில் கூப்பிட்டார்கள், கௌரவமாகத்தான் இருந்தது. படி இறங்கினால் பஸ். முதலில் ஏறினவன் என்பதால் உள்ளே தள்ளிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் நிறைகிற வரை கால் மணி நேரம் அங்கேயே நிற்பு. விமானத்துக்குப் பக்கத்தில் போய்க் கதவு திறந்ததும் யார் முதலில் இறங்கியிருப்பார்கள்? கடைசியில் ஏறிக் கதவோரம் நின்றவர்கள். நான் படிக்கட்டுக்குப் போவதற்குள் எனக்கு முன்னால் நாற்பது பேர். பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதினேன். நீங்கள்தான் முதலில் அழைக்கப்பட்டீர்களே என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. அவர்கள் விற்றது கேட்டில் முதலில் கூப்பிடுவதை, நான் வாங்கியதாக நினைத்தது விமானத்தில் முதலில் ஏறுவதை.

இன்னொன்று. எந்தக் கம்பெனியானாலும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் முதலில் ஏற்றுவதுதான் வழக்கம். காசு கட்டின முன்னுரிமை அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டில் மூட்டுவலி இருக்கிறது என்று சொன்னீர்கள். அப்படியென்றால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு, அதற்குக் கட்டணமும் இல்லை.

சக்கர நாற்காலி உதவியைப் பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் விமானக் கம்பெனியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது மூன்று குறி வரும்: WCHR, WCHS, WCHC. இதில் நம் ஆட்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். WCHR என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார் என்று பொருள். WCHS என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் தன் இருக்கை வரை மெதுவாக நடந்துவிடுவார். WCHC என்றால் இருக்கை வரைக்குமே தூக்கிக் கொண்டுபோய் விட வேண்டும். ஆத்தாவுக்கு மாடிப்படி ஏறுவது கஷ்டம் என்றால் WCHS போடுங்கள். R போட்டுவிட்டு, அன்றைக்கென்று பார்த்து விமானம் தள்ளி நின்றால், படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் நாற்காலியை நிறுத்தி 'ஏறுங்கம்மா' என்பார்கள். S போட்டிருந்தால் தூக்கி ஏற்றுகிற வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. இந்த ஓர் எழுத்து செய்கிற வேலையை எந்த முன்னுரிமைச் சீட்டும் செய்யாது.

நாற்காலி தள்ளுகிற பையன் கவுன்ட்டரிலிருந்து இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் தாண்டிக் கேட் வரைக்கும் கூடவே வருவார், பெரும்பாலும் ஓரத்து வழியாகக் கூட்டிப் போவார். துணைக்கு வருகிறவர் ஒருவரையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள், அதனால் அப்பச்சியும் கூடவே போய்விடலாம். சிரமமே இல்லாமல் ஊர் சுற்றுகிறவர்கள் வரிசைக்குப் பயந்து நாற்காலி கேட்பதை நானும் பார்க்கிறேன், அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. ஆத்தா விஷயம் வேறு. ஒரு சங்கடத்தையும் முன்கூட்டியே அக்காவிடம் சொல்லி வையுங்கள்: நாற்காலிக்காரர்களை முதலில் ஏற்றுவார்கள், இறக்குவது கடைசியில். சிங்கப்பூரில் எல்லாரும் வெளியே வந்தபிறகும் இவர்களைக் காணோமே என்று அக்கா பயப்பட வேண்டாம்.

சரி, நீளமான வரிசை என்று முதலில் சொன்ன இரண்டுக்கு வருகிறேன். பெட்டி போடுகிற கவுன்ட்டர் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானத்தில் 180 பேர், குடும்பம் குடும்பமாக வந்தால் நூறு கூட்டம் என்று வையுங்கள். கவுன்ட்டர் நாலு. நம் ஊர் விமானத்தில் ஆளுக்கு ஆள் முழு எடைக்குப் பெட்டி இருக்கும். இரண்டு கிலோ கூடிப்போய்க் கவுன்ட்டர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, அரிசி மாவையும் மசாலாப் பொட்டலத்தையும் அடுத்த பெட்டிக்கு மாற்றுகிற காட்சி தினம் நடக்கிறது. கூட்டத்துக்கு நாலு நிமிடம் என்றால், ஒரு கவுன்ட்டருக்கு இருபத்தைந்து கூட்டம், கடைசி ஆளுக்கு நூறு நிமிடம். வீட்டிலேயே வெப் செக்-இன் செய்துவிட்டாலும் பெட்டி இருந்தால் இந்த வரிசை தப்பாது.

அதனால் கூடுதல் காசில் ஏதாவது ஒன்று திருச்சியில் நிஜமாகவே உதவும் என்றால் அது முன்னுரிமை செக்-இன். பல கம்பெனிகள் இதைத் தனியாக விற்பதில்லை. முன்னுரிமை போர்டிங், பெட்டிக்கு முன்னுரிமைச் சீட்டு என்று சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார்கள். இண்டிகோவின் ஃபாஸ்ட் ஃபார்வர்டு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் எக்ஸ்பிரஸ் அஹெட் எல்லாம் இந்த வகை. பெயரில் இருப்பது போர்டிங்காக இருந்தாலும் பொட்டலத்துக்குள் செக்-இன் இருக்கிறதா என்பதைத்தான் படித்துப் பார்க்க வேண்டும். செக்-இன் இல்லாத வெறும் போர்டிங் என்றால் மேலே சொன்ன பெட்டி இடம் மட்டும்தான் உங்களுக்கு மிச்சம்.

ஆனால் உங்களுக்கு அதுவும் தேவையில்லை என்கிறேன், காரணம் நீங்கள் காரைக்குடியில் இருக்கிறீர்கள். திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாக வந்தால் விமான நிலையம் திருச்சி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, அந்த ரோட்டிலேயே இருக்கிறது. நகர நெரிசல் கிடையாது, இரண்டு மணி நேரப் பயணம். வெளிநாட்டு விமானத்துக்குக் கவுன்ட்டரை மூன்று மணி நேரம் முன்னால் திறப்பதும் ஒரு மணி நேரம் முன்னால் மூடுவதும் பொதுவான நடைமுறை, உங்கள் டிக்கெட்டில் சரியான நேரம் இருக்கும். இரவு 11 மணி விமானம் என்று வையுங்கள். 8 மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும்போது முதல் பத்துப் பேருக்குள் நின்றால் எட்டேகாலுக்கு உங்கள் பெட்டி உள்ளே போயிருக்கும். அதற்கு ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வழிக்கு 500 ரூபாய் என்று கணக்குப் போட்டால் இரண்டு பேருக்குப் போக வர 2,000. அந்த 2,000 ரூபாய் வாங்கித் தருவதை அரை மணி நேரம் முன்னால் கிளம்புவதே தந்துவிடுகிறது. வேலை விட்டு நேராக ஓடி வருகிறவர், கவுன்ட்டர் மூட முக்கால் மணி இருக்கும்போதுதான் வந்து சேர முடியும் என்று முன்கூட்டியே தெரிந்தவர், அவர் கொடுக்கலாம். அவரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கவுன்ட்டர் மூடியபிறகு எந்த முன்னுரிமையும் அதைத் திறக்காது.

இமிக்ரேஷன் விஷயத்தில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. விரைவு செக்யூரிட்டி வாங்கினால் இமிக்ரேஷனும் சேர்ந்து முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் நடப்பது, விமானக் கம்பெனிக்கு அங்கே விற்க ஒன்றும் இல்லை. ஆனால் அரசாங்கமே விரைவு வழி ஒன்று வைத்திருக்கிறது, அதுவும் இலவசமாக. நம்பகமான பயணிகளுக்கான திட்டம், ஆங்கிலப் பெயரின் சுருக்கம் FTI-TTP. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது, 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்தது, 2025 செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களும் ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களும் ftittp.mha.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம். விவரம் சரிபார்த்து அனுமதி வந்தபிறகு, விரல் ரேகையும் முகப்படமும் கொடுக்க நேரில் போக வேண்டும். அதன்பிறகு போகும்போதும் திரும்பும்போதும் அதிகாரி முன்னால் வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டை வைத்து, ரேகை காட்டி, தாண்டிவிடலாம். ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதற்கு முன் பாஸ்போர்ட் முடிந்தால் அதோடு இதுவும் முடிந்துவிடும்.

இதிலும் ஒரு தடை இருக்கிறது. வயதானவர்களுக்கு, அதுவும் காலமெல்லாம் பாத்திரம் தேய்த்து மாவு அரைத்த கைகளுக்கு, ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடைக் கருவியில் ஆத்தாவுக்கு ரேகை விழுகிறதா என்று பாருங்கள். அங்கேயே நாலு தடவை வைத்தும் விழவில்லை என்றால் இந்தத் திட்டத்திலும் பதிவாவது கஷ்டம். ஆத்தாவுக்கு நாற்காலி இருக்கிறது, அப்பச்சியும் கூடவே போய்விடுவார், ஆகவே இந்த முறை இருவருக்கும் இது அவசரமில்லை. விண்ணப்பம் பரிசீலனையாகி வர நாள் ஆகும், அடுத்த வாரப் பயணத்துக்கு இன்று போடுகிற வேலையும் இல்லை இது. ஆனால் நீங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை அக்காவைப் பார்க்கப் போகிறவர் என்றால் இன்றைக்கே உங்களுக்குப் போட்டு வையுங்கள். இதே பெயரில் பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டைக்கும் அதே விதிதான். போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது.

திரும்பி வரும்போது சாங்கியில் யாராவது விரைவு செக்யூரிட்டி விற்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அங்கே 1, 2, 3-ஆம் முனையங்களில் செக்யூரிட்டி பொதுவாக ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் தனித்தனியாக, அந்த விமானத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் நடக்கும். உங்களுக்கு முன்னால் நிற்கிறவரும் பின்னால் நிற்கிறவரும் அதே திருச்சி விமானத்துக்காரர்கள்தான். எல்லாரும் உள்ளே வந்தால்தான் விமானம் கிளம்பும். 4-ஆம் முனையத்தில்தான் நம் ஊர் மாதிரி எல்லாருக்கும் பொதுவான ஒரே சோதனை. ஆத்தாவின் நாற்காலியைத் திரும்புகிற பயணத்துக்கும் தனியாகப் பதிவு செய்ய மறக்காதீர்கள். போகிற டிக்கெட்டில் மட்டும் WCHS இருந்து வருகிற டிக்கெட்டில் இல்லாமல் போய், அக்கா வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் கவுன்ட்டர் கவுன்ட்டராக ஓடின கதையும் என்னிடம் இருக்கிறது.

பெட்டிக்கு ஒட்டுகிற முன்னுரிமைச் சீட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிகளைக் கடைசியில் ஏற்றினால்தான் முதலில் இறங்கும். ஏற்றுகிறவர் அதைப் பார்த்து ஏற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. திருச்சியில் இறங்கினபிறகு பெட்டி முதலில் வந்தாலும் கஸ்டம்ஸ் எக்ஸ்ரேக்கு எல்லாரோடும்தான் நிற்க வேண்டும்.

அப்படியானால் இதற்கெல்லாம் காசு கொடுக்கிறவன் முட்டாளா என்றால், இல்லை. இடத்தைப் பொறுத்தது. லண்டன் பக்கம் படிக்கிற நம் பிள்ளைகள் அங்கிருந்து ரையன்ஏரில் எங்காவது போகும்போது 'முன்னுரிமை' என்று விற்பதை வாங்கலாமா என்று கேட்பார்கள். அங்கே அது பெயரளவில்தான் முன்னுரிமை, உண்மையில் விற்பது பெட்டியை. சாதாரண டிக்கெட்டில் இருக்கைக்கு அடியில் போகிற சிறு பை மட்டும்தான் சேரும். முன்னுரிமை வாங்கினால்தான் 10 கிலோ சக்கரப் பெட்டியை உள்ளே கொண்டுபோகலாம். பெட்டி இருக்கிறதா, வாங்கு. இல்லையா, விட்டுவிடு. அந்த ஊர் விமான நிலையங்கள் சிலவற்றில் விரைவு செக்யூரிட்டியை நிலையமே நேரடியாக விற்கிறது. பள்ளி விடுமுறைக் காலத்தில் விடியற்காலை விமானங்கள் வரிசையாகக் கிளம்பும்போது அங்கே செக்யூரிட்டிதான் நீளமான வரிசை, இமிக்ரேஷன் அதிகாரி முன்னால் நிற்கிற வேலையே வெளியே போகிறவருக்கு இல்லை. ஆகவே அங்கே அது கொடுத்த காசுக்குப் பலன் தரும். ஒரு விமானத்தில் இறங்கி, தனி டிக்கெட்டில் இன்னொரு விமானம் பிடிக்க இரண்டு மணி நேரமே இருக்கிறவருக்கும் அப்படித்தான். கையில் பெட்டி மட்டும், கவுன்ட்டருக்குப் போக வேண்டாம், இடையில் இருப்பது செக்யூரிட்டி ஒன்றுதான் என்றால் கொடுக்கலாம். வாங்கினால் பெரும்பாலும் பணம் திரும்பாது, அதனால் பயண நாள் உறுதியானபிறகு வாங்குவது நல்லது.

உங்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் போடுவேன்: இரண்டு வழிக்கும் ஆத்தா பெயரில் WCHS, இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, அதில் ஆத்தாவுக்கு நடைபாதை ஓரம், கழிப்பறைக்கு ரொம்ப நடக்காத வரிசை. நாலேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட உட்கார்ந்தபடி போகிற பயணம், மூட்டுவலிக்காரர் நடுவில் எழுந்து கால் நீட்ட வேண்டியிருக்கும். கூடுதலாகக் காசு கொடுக்க மனசிருந்தால் அந்த இருக்கைக்குக் கொடுங்கள். பணம் கட்டுகிற பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இந்த முன்னுரிமைப் பொட்டலத்தை மறுபடி ஒருமுறை பெரிய எழுத்தில் காட்டுவார்கள், வேண்டாம் என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். போனில் போட்டால் விரலால் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்க வேண்டும்.